வெள்ளைப்பட்டால் எலும்பு உருகுமா?

ரங்கூனில் நம்ம வீடுகளில் ஒரு பெண்பிள்ளை கொஞ்சம் மெலிந்துபோனாலோ, லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் ஆறாவது மாடிக்கு ஏறி வந்து மூச்சு வாங்கி உட்கார்ந்தாலோ, முகம் வெளுத்துத் தெரிந்தாலோ, பெரியவர்கள் அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கும் முதல் கேள்வி "உனக்கு வெள்ளை போகுதாடி?" என்பதுதான். ஆமாம் என்று அவள் தலையாட்டிவிட்டால் அதோடு தீர்ப்பு எழுதியாயிற்று. எலும்பு உருகி வெள்ளையாகப் போகிறது, சத்தெல்லாம் அந்த வழியாக வடிகிறது, உடம்புச் சூடு கூடிவிட்டது, கல்யாணத்துக்கு முன்னால் இதை நிறுத்தியாக வேண்டும். அடுத்த வாரமே கோழி, மீன், மாம்பழம் எல்லாம் சூடு என்று தட்டிலிருந்து போய்விடும். வெந்தயமும் மோரும் வரும், படிகாரத் தண்ணீரில் கழுவச் சொல்வார்கள், அப்புறம் யாராவது ஒருவர் மருந்துக்கடையிலிருந்து ஒரு பொட்டலம் வாங்கி வருவார்.

நான் நர்ஸாக வேலை பார்க்கிறவள். இந்தப் புகாரோடு வருகிற பெண்களைப் பார்க்காத வாரம் எனக்குக் கிடையாது, தமிழ்ப் பெண்கள் மட்டுமல்ல, பர்மியப் பெண்களும் "அப்யூ ஸின்" என்று இதையே சொல்லிக்கொண்டு வருவார்கள். அவர்கள் சொல்லும் களைப்பு உண்மையானது. நடிப்பில்லை, சோம்பலும் இல்லை. ஆனால் பெரும்பாலானவர்களுக்கு அந்தக் களைப்பு வெள்ளையால் வந்ததில்லை. தவறான இடத்தில் காரணத்தைத் தேடுவதால் உண்மையான காரணம் வருஷக்கணக்கில் மருந்து கிடைக்காமல் உள்ளேயே கிடக்கிறது, என் கவலை அதுதான்.

முதலில் அந்தத் திரவம் என்ன என்று பார்த்துவிடலாம். பெண்ணுறுப்பின் உட்சுவரில் சுரப்பிகள் எதுவும் கிடையாது. சுவருக்கு அடியில் ஓடும் மெல்லிய ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வருகிறது, கருப்பை வாயில் இருக்கும் சுரப்பிகள் சளி போன்ற ஒன்றைச் சுரக்கின்றன, உட்சுவரின் மேல்தோல் தேய்ந்து உதிர்கிறது. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் வெள்ளை. உதிர்ந்த செல்கள்தான் அதற்கு அந்த வெள்ளை நிறத்தைக் கொடுக்கின்றன. இதோடு கோடிக்கணக்கான நல்ல பாக்டீரியாக்களும் இருக்கின்றன. 1892-ல் ஆல்பர்ட் டெடர்லைன் என்ற ஜெர்மன் மருத்துவர் இவற்றைப் பற்றி விரிவாக எழுதினார், இன்று லாக்டோபேசில்லஸ் என்கிறோம். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் அந்தச் சுவரின் செல்களில் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்தைச் சேர்த்து வைக்கிறது, அது சிதைந்து கிடைப்பதைத் தின்று இந்த பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலம் செய்கின்றன, அதனால் அந்த இடம் எப்போதும் லேசாகப் புளிப்பாக, பி.எச். அளவில் 4-ஐ ஒட்டி இருக்கிறது. அந்தப் புளிப்பில் பெரும்பாலான நோய்க்கிருமிகள் தழைக்க முடியாது. ஆக வெள்ளை என்பது உடம்பு வெளியே தள்ளும் சாரம் இல்லை. உள்ளே காவல் வேலை முடித்துவிட்டுத் தானாக வழிந்து இறங்கும் நீர். வாயில் எச்சில் ஊறுகிற மாதிரி, ஊறுவதுதான் சரி, வறண்டுபோனால்தான் கவலைப்பட வேண்டும்.

அளவு? ஒரு நாளைக்கு சுமார் 1 முதல் 4 மில்லிலிட்டர், அதாவது ஒரு டீஸ்பூன்கூட நிறையாது. துணியில் பரவும்போது பெரிய கறையாகத் தெரியும், காய்ந்தால் லேசான மஞ்சளாகவும் மாறும். அந்தக் கறையைப் பார்த்துத்தான் பலர் பயப்படுகிறார்கள். மாதம் முழுவதும் அது ஒரே மாதிரியும் இருக்காது. மாதவிடாய் முடிந்த சில நாட்கள் மிகக் குறைவு. கருமுட்டை வெளியாகும் நாட்களை நெருங்கும்போது, பல பெண்களுக்கு இது சுழற்சியின் நடுப்பகுதியில் வரும், முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி தெளிவாக, வழுவழுப்பாக, விரலில் இழுத்தால் நீளும்படி வரும். விந்தணு மேலே ஏறிப்போக வழி செய்வதற்காக உடம்பு அப்படிச் செய்கிறது. அது முடிந்ததும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் கூடும், வெள்ளை கெட்டியாக, பிசுபிசுப்பாக, பால் நிறத்தில் மாறும். மாதத்தில் நாலைந்து நாள் "தண்ணியா கொட்டுது" என்று பயந்து வருகிற பெண்ணிடம் கடைசி மாதவிடாய்த் தேதியைக் கேட்டு எண்ணிப் பார்த்தாலே பாதிப் பேருக்கு விடை அங்கேயே கிடைத்துவிடும்.

சத்து வடிகிறது என்ற கணக்கைப் போட்டே பார்ப்போமே. அந்த 4 மில்லியில் பெரும்பங்கு தண்ணீர்தான். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு திடப்பொருள் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் அரை கிராமுக்கும் குறைவு. ஒரு கோழிமுட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. அப்படியானால் ஒரு வாரத்தில் இந்த வழியாகப் போகிறதை ஒரே ஒரு முட்டை தின்று ஈடுகட்டிவிடலாம், அதுவும் எல்லாமே புரதம் என்று வைத்துக்கொண்டால். எலும்பு உருகுவதாகச் சொல்வதற்கும் இடமில்லை. பெரிய ஆள் ஒருவரின் உடம்பில் கிட்டத்தட்ட ஒரு கிலோ கால்சியம் இருக்கிறது, அதில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும். எலும்பிலிருந்து பெண்ணுறுப்புக்கு ஒரு குழாயும் கிடையாது. எலும்பு தேய்கிறபோது வெளியேறும் கால்சியம் ரத்தத்தில் கலந்து சிறுநீரில்தான் போகும், அதை யாரும் கண்ணால் பார்க்க முடியாது.

இப்படி ஒரு நம்பிக்கை வந்ததற்குக் காரணம் இருக்கிறது, நம் பாட்டிமார் ஒன்றும் வெறுமனே கதை கட்டவில்லை. நம் பழைய வைத்திய முறையில் சாப்பாடு சாரமாகி, சாரம் செந்நீராகி, அது ஊனாகி, கொழுப்பாகி, எலும்பாகி, மூளையாகி, கடைசியில் ஆணுக்குச் சுக்கிலமாகவும் பெண்ணுக்குச் சுரோணிதமாகவும் ஆகிறது. ஏழு உடற்கட்டுகள் என்று இதைச் சொல்வார்கள். அத்தனை படி கடந்து தேறிய கடைசிப் பொருள் ஒழுகிப் போனால் முந்தைய ஆறும் காலியாகும் என்று நினைப்பது அந்தக் கணக்குக்குள் நியாயமானதுதான். ஆண்கள் விந்து போனால் பலம் போகும் என்று பயப்படுவதும் இதே கணக்கு, 1960-ல் இந்திய மனநல மருத்துவர் நரேந்திரநாத் விக் அதற்கு தாத் நோய்க்குறி என்று பெயர் வைத்தார். வெள்ளைக்காரர்களும் இதில் விதிவிலக்கில்லை. அமெரிக்காவில் 1875-லிருந்து லிடியா பிங்கம் என்ற அம்மாள் பெண்களின் பலவீனத்துக்கும் வெள்ளைக்கும் என்று ஒரு மூலிகை டானிக் விற்றார், அது அமோகமாக விற்றது, அதில் சாராயமும் கணிசமாக இருந்தது.

சரி, பொய் என்றால் ஏன் இது இத்தனை தலைமுறையாக உண்மை மாதிரியே தெரிகிறது? ஏனென்றால் வெள்ளையும் பலவீனமும் ஒரே சமயத்தில் வருகின்றன. பெண் வயதுக்கு வருவதற்கு ஆறு மாதம், ஒரு வருஷம் முன்னாலேயே ஈஸ்ட்ரோஜன் கூடி வெள்ளை தொடங்கிவிடும். அதே காலத்தில்தான் அவள் கிடுகிடுவென்று உயர்கிறாள், உடம்புக்கு இரும்புச்சத்துத் தேவை கூடுகிறது, பிறகு மாதவிடாய் தொடங்கி மாதாமாதம் ரத்தம் போகிறது, தட்டில் விழும் சோற்றின் அளவோ பழைய மாதிரியே இருக்கிறது. கர்ப்பத்திலும் இதே கதைதான், ஹார்மோனால் வெள்ளை கூடும், பிள்ளைக்கும் சேர்த்து ரத்தம் தேவைப்படுவதால் சோகை வரும். பார்க்கிறவர் கண்ணுக்கு வெள்ளை தெரிகிறது, இரும்பு குறைவது தெரிவதில்லை. கண்ணுக்குத் தெரிந்ததன் மேல் பழி விழுந்துவிட்டது. பர்மாவில் 2015-16-ல் எடுத்த மக்கள்தொகை உடல்நலக் கணக்கெடுப்பில் 15 வயதிலிருந்து 49 வயது வரை உள்ள பெண்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு ரத்தசோகை இருந்தது. கிட்டத்தட்ட எல்லாப் பெண்களுக்கும் வெள்ளை போகும் நாட்டில் பாதிப் பேர் சோகையோடு இருந்தால், களைத்துப்போன ஒருத்தியைக் கூப்பிட்டு வெள்ளை போகிறதா என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். களைக்காதவளைக் கேட்டாலும் அதே பதில்தான், ஆனால் அவளை யாரும் கேட்பதில்லை.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். தாமுவேயில் வீடு, வயது 23, தையல் ஆலையில் வேலை. அம்மாவும் அத்தையும் கூட்டி வந்தார்கள். ரெண்டு வருஷமாக வெள்ளை, இடுப்பு வலி, கிறுகிறுப்பு, முடி கொட்டுகிறது, மெஷினில் உட்கார்ந்தால் மத்தியானத்துக்கு மேல் கண் இருட்டுகிறது. அத்தைதான் பேசினார், "எலும்பு உருகுதும்மா, பாருங்க கையெல்லாம் எப்படி இருக்குன்னு." ஏற்கெனவே ரெண்டு இடத்தில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டாயிற்று, தினமும் படிகாரம் போட்ட தண்ணீரால் உள்ளே கழுவிக்கொண்டும் இருக்கிறாள்.

பெரியவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளிடம் தனியாகக் கேட்டோம். வெள்ளை என்ன நிறம்? வெள்ளை, சில நாள் தண்ணீர் மாதிரி. நாற்றம்? இல்லை. அரிப்பு? படிகாரத்தில் கழுவிய அன்று எரிகிறது, மற்றபடி இல்லை. அடிவயிற்று வலி, காய்ச்சல், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் எதுவும் இல்லை. உடலுறவு உண்டா என்பதையும் தனியாகத்தான் கேட்க வேண்டும், அம்மா பக்கத்தில் இருந்தால் எந்தப் பெண்ணும் உண்மை சொல்ல மாட்டாள். இல்லை என்றாள். அப்புறம் மாதவிடாயைப் பற்றிக் கேட்டோம், விஷயம் அங்கேதான் இருந்தது. ஏழு நாள் போகிறது, முதல் மூன்று நாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கிறது, கட்டி கட்டியாக விழுகிறது, ராத்திரி பாயில் கறை படுகிறது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவுக்கும் அப்படித்தான் போனதாம், அதனால் எல்லாருக்கும் இப்படித்தான் என்று நினைத்திருக்கிறாள்.

ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 8.9. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12-க்குக் குறைந்தாலே சோகை. சிவப்பணுக்கள் அளவில் சிறுத்திருந்தன. இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 6, அதாவது கிடங்கு காலி.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். சாதாரணமாக ஒரு மாதவிடாயில் 30, 40 மில்லி ரத்தம் போகும், 80-ஐத் தாண்டினால் அதிகப் போக்கு. இந்தப் பெண்ணுக்கு 100 மில்லி போகிறது என்று வைத்துக்கொண்டால், அவள் ரத்தம் இருந்த நிலையில்கூட அதோடு சுமார் 30 மில்லிகிராம் இரும்பு போகிறது. அது போக, தோல் உதிர்வதிலும் குடல் சுவர் தேய்வதிலும் எல்லாருக்குமே நாளைக்கு ஒரு மில்லிகிராம் அளவில் போகும், மாதத்துக்கு அது இன்னொரு 30. ஆக மாதம் 60, நாளைக்கு 2 மில்லிகிராம் இரும்பைக் குடல் உறிஞ்சியாக வேண்டும். சோறு, பருப்பு, கீரை மட்டும் தின்று அதை எட்டுவது கஷ்டம், ஏனென்றால் செடிகொடியில் இருக்கும் இரும்பில் சிறு பங்குதான் உடம்பில் சேரும். இறைச்சியிலும் மீனிலும் இருக்கும் இரும்பு நன்றாகச் சேரும், ஆனால் அவற்றைத்தான் சூடு என்று நிறுத்தியிருந்தார்கள். நம் ஊரில் சாப்பாட்டு மேசையில் எப்போதும் பச்சைத் தேநீர்க் குடுவை இருக்கும், சாப்பிட்ட கையோடு அதையும் குடிப்போம், டீக்கடையிலும் அப்படித்தான். தேயிலையில் இருக்கும் டானின் சாப்பாட்டில் உள்ள இரும்பைப் பிடித்துக்கொண்டு சேரவிடாமல் செய்துவிடும். வெள்ளையை நிறுத்துவதற்காகச் செய்த பத்தியமே அவளுடைய சோகையை ஆழமாக்கியிருந்தது.

வைத்தியம் பெரிய மர்மமில்லை. மருத்துவர் நாளுக்கு ஒரு இரும்பு மாத்திரை எழுதினார், டீயைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கச் சொன்னார், மீனையும் ஈரலையும் திரும்பத் தட்டில் போடச் சொன்னார், சோற்றோடு எலுமிச்சை பிழிந்துகொண்டால் இரும்பு கூடுதலாகச் சேரும். குடற்புழு மாத்திரை கொடுத்தார், கொக்கிப்புழுவும் ரத்தம் குடிக்கும். அதிகப் போக்குக்கான காரணத்தைத் தேடி ஸ்கேனும் தைராய்டு சோதனையும் செய்தார்கள், இரண்டும் சரியாக இருந்தன, மாதவிடாய் நாட்களில் மட்டும் போக்கைக் குறைக்கும் மாத்திரை கொடுத்தார்கள். படிகாரத்தை நிறுத்தச் சொன்னோம். இரும்பு மாத்திரையில் மலம் கறுப்பாகப் போகும், வயிறு கொஞ்சம் கட்டும், இதை முன்னாலேயே சொல்லாவிட்டால் பயந்து நிறுத்திவிடுவார்கள்.

ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் 10.8. மூன்றாவது மாதம் 12-ஐத் தாண்டியது. கண் இருட்டல் நின்றுவிட்டது, மாடி ஏறினால் மூச்சு வாங்கவில்லை, ஆலையில் முழு நாள் உட்கார முடிகிறது. கிடங்கு நிரம்ப வேண்டும் என்பதால் மருத்துவர் இன்னும் மூன்று மாதம் மாத்திரையைத் தொடரச் சொன்னார், பல பேர் தெம்பு வந்ததும் நிறுத்திவிட்டு ஆறு மாதத்தில் பழைய நிலைக்கு வந்துவிடுவார்கள். அத்தை கேட்டார், "வெள்ளை நின்னுதா?" இல்லை, நிற்கவில்லை. அதே அளவு, அதே நிறம், மாதத்தின் நடுவில் அதே தண்ணீர் மாதிரி. வெள்ளைக்கு ஒரு மருந்தும் கொடுக்கவில்லை, அது ஒரு சொட்டும் குறையவில்லை, பலவீனம் மட்டும் போய்விட்டது. எலும்பு உருகுவதாக நம்புகிற யாருக்கும் நான் எடுத்துச் சொல்வது இந்த இடத்தைத்தான்.

எல்லாருக்கும் இரும்பு மாத்திரை கொடுத்தால் தீர்ந்துவிடும் என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். பர்மாவில் தலசீமியாவும் ஹீமோகுளோபின் ஈ என்ற பரம்பரை மாற்றமும் பரவலாக உண்டு, பர்மியரோடு கலந்த நம் குடும்பங்களிலும் இருக்கும். அவர்களுக்கும் சிவப்பணு சிறுத்திருக்கும், ஆனால் ஃபெரிட்டின் குறைந்திருக்காது. அங்கே மாதக்கணக்கில் இரும்பை விழுங்கிக்கொண்டிருப்பது வீண், கூடவே கெடுதியும் செய்யலாம். தைராய்டு குறைந்தாலும், சர்க்கரை இருந்தாலும், காசநோய் உள்ளே இருந்தாலும் களைப்பு வரும், உடம்பு மெலியும். இதையெல்லாம் பார்க்காமல் வெள்ளைக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தால் காலம்தான் ஓடும்.

ரத்தம் சரியாக இருந்தும் களைப்பு தீராத பெண்களும் உண்டு. கோவாவில் விக்ரம் படேலும் அவருடன் இருந்தவர்களும் கிட்டத்தட்ட 2,500 பெண்களிடம் ஆய்வு செய்து 2005-ல் வெளியிட்டார்கள், வெள்ளை பற்றிப் புகார் சொன்னவர்களைப் பரிசோதித்தால் கிருமித்தொற்றோடு அந்தப் புகாருக்கு இருந்த தொடர்பு லேசானது, மன உளைச்சலோடும் காரணம் தெரியாத உடல்வலிகளோடும் இருந்த தொடர்பு பலமானது. என் அனுபவமும் இதுதான். கணவர் குடிக்கிறார், மாமியார் பேசுகிறார், மூன்றாவது பிள்ளை வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை, ராத்திரி தூக்கமில்லை என்று எந்தப் பெண்ணும் கிளினிக் வாசலில் வந்து நிற்க முடியாது. வெள்ளை என்று சொன்னால் வீட்டில் பணம் கொடுத்து அனுப்புவார்கள், ஒரு மணி நேரம் வெளியே வரலாம். அவளிடம் "இது ஒன்றுமில்லை, நார்மல்" என்று சொல்லி அனுப்பிவிட்டால் அவள் இன்னொரு கிளினிக்குக்குத்தான் போவாள். தூக்கம் எப்படி, அழுகை வருகிறதா, வீட்டில் அடி உண்டா என்று கேட்க வேண்டும், மெதுவாகக் கேட்டால் சொல்வார்கள்.

இப்போது அந்த மருந்துப் பொட்டலத்துக்கும் கழுவுவதற்கும் வருகிறேன், இதில் எனக்குக் கோபம் உண்டு. படிகாரம், கிருமிநாசினி, வாசனை சோப்பு, எதை உள்ளே விட்டுக் கழுவினாலும் முதலில் அழிவது அந்த நல்ல பாக்டீரியாக்கள்தான். புளிப்பு குறையும், குறைந்ததும் வேறு கிருமிகள் பெருகும், சாம்பல் நிறத்தில் மீன் நாற்றத்தோடு வெள்ளை வரத் தொடங்கும். இல்லாத நோய்க்குப் பயந்து கழுவி, நிஜமான தொந்தரவை வரவழைத்துக்கொள்வதுதான் இது. வெளியே மட்டும் வெறும் தண்ணீரில் கழுவினால் போதும், உள்ளே தானாகச் சுத்தமாகிக்கொள்ளும். பொட்டலத்தில் பெரும்பாலும் ஆன்டிபயாட்டிக் ஒன்று இருக்கும், அது நல்ல பாக்டீரியாக்களையும் சேர்த்து அடித்துவிட்டு பூஞ்சைக்கு இடம் கொடுக்கும். இன்னொரு தொல்லை, லேப் வசதி இல்லாத இடங்களில் வெள்ளை என்று சொன்னாலே பால்வினை நோய்க்கும் சேர்த்து மருந்து கொடுத்து, கணவனையும் கூட்டி வா என்று சொல்லிவிடுவதுண்டு. வெறும் வெள்ளையை வைத்து கொனோரியாவையோ கிளமிடியாவையோ கண்டுபிடிக்க முடியாது, பல பெண்களுக்கு அவை இருந்தாலும் அறிகுறியே இருக்காது. சோதனை இல்லாமல் சொன்ன ஒரு வார்த்தையால் சந்தேகம் கிளம்பி வீடு ரெண்டானதைப் பார்த்திருக்கிறேன்.

நோயாக வரும் வெள்ளையும் இருக்கிறது, அதை அடையாளம் காண்பது பெரிய கஷ்டமில்லை. தயிர்த் திப்பி மாதிரி வந்து தாங்க முடியாத அரிப்பும் எரிச்சலும் இருந்தால் அது கேண்டிடா பூஞ்சை, கர்ப்பத்திலும் சர்க்கரை கூடியிருக்கும்போதும் அடிக்கடி வரும், அடிக்கடி வருகிறவர்கள் சர்க்கரை பார்த்துக்கொள்வது நல்லது. தண்ணியாக, சாம்பல் நிறமாக, உடலுறவுக்குப் பிறகு மீன் நாற்றம் கூடினால் மேலே சொன்ன பாக்டீரியாக் கோளாறு. மஞ்சளோ பச்சையோ கலந்து நுரையாக வந்து எரிந்தால் டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியாக இருக்கலாம், இது உடலுறவில் பரவுவது, கணவனுக்கும் மருந்து கொடுக்காவிட்டால் திரும்பத் திரும்ப வரும். இந்த மூன்றும் மருந்தில் தீரும், ஆனால் பூஞ்சைக்கான மருந்து வேறு, மற்ற இரண்டுக்கானது வேறு, அதனால்தான் ஒரே பொட்டலத்தால் எல்லாம் போகும் என்பது சரிப்படாது. காய்ச்சலும் அடிவயிற்று வலியும் சேர்ந்தால் அன்றைக்கே போக வேண்டும், கருப்பைக் குழாய் வரை தொற்று ஏறியிருக்கலாம். இந்த நோய்களும் எலும்பை உருக்குவதில்லை, அவற்றின் தொந்தரவு வேறு.

வயதான அம்மாமார்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்கள் விஷயத்தில் பயம் தலைகீழாக இருக்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைந்து வெள்ளையும் குறைந்துதான் போக வேண்டும். அந்த வயதில் புதிதாகத் தண்ணீர் மாதிரியோ, ரத்தம் கலந்தோ, கெட்ட நாற்றத்தோடோ வந்தால் "பொம்பளைக்கு இருக்கறதுதானே" என்று துணி வைத்துக்கொண்டு ஒரு வருஷம் கடத்திவிடுகிறார்கள். பர்மாவில் பெண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய்களில் கருப்பை வாய்ப் புற்றுநோயும் ஒன்று, அது தன்னைக் காட்டிக்கொள்ளும் வழிகளில் இப்படிப்பட்ட வெள்ளையும் உண்டு. வயது 30 தாண்டிய பெண்ணுக்கு உடலுறவுக்குப் பிறகு ரத்தம் பட்டாலும் இதே சந்தேகம்தான். வினிகர் மாதிரி நீர்த்த அமிலத்தைக் கருப்பை வாயில் தடவி வெளுக்கிறதா என்று பார்க்கும் சோதனை சில நிமிஷத்தில் முடிந்துவிடும், வலி அதிகமில்லை. ஆரம்பத்திலேயே தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் குளிரூட்டியோ சுட்டோ அகற்றிவிடலாம். மாதவிடாய் நின்றபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அந்த வாரமே மகப்பேறு மருத்துவரிடம் போய்க் காட்ட வேண்டும், அடுத்த மாதம் வரை பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது.